கோட்டை வெட்டினால் பலன் இல்லையா?

"ஏழு ஆய்வு இருக்கு, கனக்க ஆய்வு நடுக்கோட்டை வெட்டுது. அப்ப அந்த ஊசியால பலன் இல்லைதானே?"

மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படத்தோடு சுற்றும் செய்தி இது. தவறு. படம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள காட்டு வரைபடம்: ஒவ்வொரு கிடைக்கோடும் ஒரு ஆய்வு, அடியில் உள்ள வைர வடிவம் எல்லாவற்றையும் சேர்த்த முடிவு. குறைமாதப் பிரசவ அபாயமுள்ள தாய்மாருக்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி பற்றியது.

நடுக்கோடு விகிதம் 1ஐக் குறிக்கிறது, அதாவது ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். இங்கே எண்ணுவது குழந்தை இறப்பு என்பதால் இடப்பக்கம் நல்லது. ஒரு ஆய்வின் கோடு 1ஐ வெட்டினால், அந்த ஆய்வு தனியே முடிவு சொல்லப் போதாது என்றே அர்த்தம். பலனில்லை என்று அல்ல.

விளக்கத்துக்குக் கற்பனை எண்கள்: இரண்டு ஆய்வுகள், இரண்டிலும் வாய்ப்பு விகிதம், அதாவது ஊசி போட்டவர்களில் இறப்பு வாய்ப்பைப் போடாதவர்களின் வாய்ப்பால் வகுத்தது, 0.61. கோட்டின் நீளம் காட்டும் நம்பக இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 0.34 முதல் 1.09 வரை. இரண்டும் கோட்டை வெட்டுகின்றன. கைதூக்கி எண்ணினால் 'பலன் 0, இல்லை 2'. சேர்த்தால்? ஒவ்வொரு ஆய்விலும் விகிதத்தின் இயற்கை மடக்கை -0.5, அதன் நிச்சயமின்மையைக் காட்டும் நியமவழு 0.3. சராசரியில் ஒரு ஆய்வுக்குக் கொடுக்கும் எடை என்பது நியமவழுவின் வர்க்கத்தின் தலைகீழ், இரண்டுக்கும் சமம். ஆகவே சராசரி அதே -0.5தான், ஆனால் நியமவழு 0.21 ஆகச் சுருங்கும். இடைவெளி இப்போது 0.40 முதல் 0.92. வைரம் கோட்டைத் தொடவே இல்லை.

சின்னத்திலும் வைரம் இடப்பக்கமே நிற்கிறது. அனுப்பியவர் அதைப் பார்க்கவில்லை போலும்!

சரி, வைரத்தைக் கண்மூடி நம்பலாமா? கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் எதிரெதிர்த் திசையில் சிதறிக் கிடந்தால், அந்தச் சராசரி யாருக்கும் பொருந்தாது.