தைராய்டு மாத்திரை: ஒரு வாரத்தில் தீர்ப்பு சொல்ல முடியாது

"ஒரு வாரமா தைராய்டு மாத்திரை போட்டும் சோர்வு போகலையா? டோஸ் பத்தலை, ரெண்டா போடுங்க." (சேலம் அம்மாபேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது)

தவறு, ஆபத்தும்கூட. இந்த மாத்திரையில் உள்ள மருந்தான லெவோதைராக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாள். உடலில் உள்ளதில் பாதி கழிய அவ்வளவு நாளாகும். தினமும் போடும்போது பழைய மிச்சத்தின் மேல் புதிது சேர்கிறது. சேர்வதும் கழிவதும் சமமாகி நிற்பதுதான் நிலையான அளவு; முதல் வாரக் கடைசியில் அதில் பாதிதான் வந்திருக்கும். இரண்டாம் வாரம் 75 சதவீதம், ஐந்தாவதில் 97. தைராய்டு குறைந்தவர்களுக்கு அரை ஆயுள் 9, 10 நாள்கூட ஆகலாம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அதற்கும் பின்னால்தான் மெதுவாக இறங்கும். டாக்டர் 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதனால்தான்.

சரி, இரண்டாகப் போட்டால்? நிலையான அளவு சீக்கிரம் வராது; அதே ஐந்து வாரத்தில் இரண்டு மடங்கு உயரத்தில் போய் நிற்கும். படபடப்பும் கைநடுக்கமும் தெரிந்து நிறுத்தினாலும், ஏறியதில் பாதி இறங்கவே ஒரு வாரம் பிடிக்கும்.