ஆர்கானிக் டேக் அடிக்கறதுக்கு முன்னாடி கிலோ கணக்குப் பாருங்க

திருப்பூர்ல இப்ப சொந்தமா பிராண்டு ஆரம்பிச்சு ஆன்லைன்ல டீசர்ட் விக்கற தம்பி தங்கச்சிக நிறையப் பேரு "எகோ ஃப்ரெண்ட்லி, நூறு சதவீதம் ஆர்கானிக், தண்ணிய மாசுபடுத்தாதது"ன்னு மூணையும் ஒரே டேக்ல அடிச்சுடறாங்க. ஆதாரம் இருக்குதான்னு கேட்டா "மில்லுல சர்டிபிகேட் குடுத்துட்டாங்க்கா"ன்னு வாட்சப்ல ஒரு பிடிஎஃப் காட்டறாங்க. தொறந்து பாத்தா அது ஸ்கோப் சர்டிபிகேட்டா இருக்குது, எனக்கு அங்கதான் மனசே ஆற மாட்டேங்குது.

ஏனுங்க, ஸ்கோப் சர்டிபிகேட் சொல்றது இவ்வளவுதான்: இந்த மில்லு ஆர்கானிக் நூல் ஓட்ட தகுதியானது. அதே மில்லு சாதா நூலும் ஓட்டும். உங்க குடோனுக்கு வந்த கோன் எதுன்னு அந்தப் பேப்பருக்குத் தெரியாது. உங்க சரக்குக்கு வேணுங்கறது டிரான்சாக்சன் சர்டிபிகேட், டிசி. யாரு வித்தாங்க, யாரு வாங்குனாங்க, என்ன சரக்கு, எத்தனை கிலோன்னு அதுல இருக்கும், ஒவ்வொரு கை மாறும்போதும் ஒண்ணு போடணும்.

சரி டிசியே கையில இருக்குது, 1000 கிலோ நூலுக்குன்னு வெச்சுக்கங்க. நிட்டிங்ல ஒரு 20 கிலோ போகும், டையிங் காம்பாக்டிங் முடிஞ்சு வர்றப்ப 920 கிலோ பக்கம் நிக்கும், கட்டிங்ல வேஸ்ட் போக 790 கிலோதான் தேறும். பட்டறைக்குப் பட்டறை இது கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஒரு பீஸ் 160 கிராம்னா 4,900 பீஸ் சொச்சம் வரும். ஆனா டேக் அடிச்சது 8,000! அப்ப மிச்சம் 3,000 பீஸுக்கு மேல எந்த நூல்ல ஓட்டுனது? ஆடிட்டர் வந்தா மொதல்ல போடற கணக்கே இதுதானுங்க, உள்ள வந்த கிலோவும் வெளிய போன கிலோவும். மொத்தப் பொய்யா கிளம்பறவங்க கம்மி, ஆர்டர் கூடுனதும் பக்கத்துல கெடைச்ச சாதா துணியப் போட்டு அதே டேக்க மாட்டிடறாங்க, அதுதான் பெருசா நடக்குது.

டிசியையும் கண்ண மூடிட்டு நம்பிக்காதீங்க. ஆர்கானிக் துணிக்குத் தரச்சான்று விதி வகுக்கற காட்ஸ் அமைப்பே 2020ல வெளிப்படையா சொல்லுச்சு, இந்தியாவுல போலி டிசி வெச்சு 20,000 டன் பருத்தி ஆர்கானிக்னு ஓடியிருக்குதுன்னு. அதனால மில்லோட ஸ்கோப் சர்டிபிகேட் நடப்புல இருக்குதான்னு காட்ஸ் வெப்சைட்லயே தேடுங்க, டிசி நம்பர சர்டிபிகேட் குடுத்த ஏஜென்சிக்கே மெயில் போட்டுக் கேளுங்க. இன்னொண்ணு, நூல் சர்டிபை ஆனதா இருந்தாலும் சாயப்பட்டறையோ தையல் யூனிட்டோ சர்டிபை ஆகலைன்னா சங்கிலி அங்கயே அறுந்துருது, காட்ஸ் லோகோவ பீஸ்ல போடக் கூடாது.

அடுத்தது தண்ணி. சாயக் கழிவால நொய்யல் ஆறு என்ன ஆச்சு, ஒரத்துப்பாளையம் டேம்ல என்ன தேங்குச்சுன்னு நமக்குத் தெரியாததில்ல. 2011 ஜனவரியில ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னதுக்கு அப்புறம், கழிவுத் தண்ணிய ஒரு சொட்டு கூட வெளிய விடாம சுத்தம் பண்ணி திருப்பி எடுக்கறது இங்க எல்லா பட்டறைக்கும் கட்டாயம். சட்டப்படி செஞ்சே ஆகணுங்கறத எங்க பிராண்டோட தனிச்சிறப்புன்னு எழுதறது எனக்குச் சரியாப் படலைங்க. அதுவுமில்லாம ஆர்ஓவுல மிஞ்சற உப்புத் தண்ணிய எவாப்பரேட்டர்ல காய்ச்சி எடுக்கறதுக்கு எரிபொருள் செலவாகுது, கடைசில கலப்பு உப்பும் ஸ்லட்ஜும் மூட்டை மூட்டையா மிஞ்சுது. இதுக்கு எப்படி "மாசே இல்ல"ன்னு எழுத மனசு வரும்?

"எகோ ஃப்ரெண்ட்லி"ங்கற வார்த்தையத் தனியா விட்டா இனிமே வம்புதான். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிமுறை கொண்டாந்துருச்சு, இந்த மாதிரி பொதுவான வார்த்தை போட்டா எதனால அப்படிச் சொல்றோம்னு பக்கத்துலயே விளக்கணும், ஆதாரத்த க்யூஆர் கோடு மாதிரி ஏதாவது வழில வாங்கறவங்க பாக்கற மாதிரி வெக்கணும். ஐரோப்பாவுக்கு அனுப்பறவங்களுக்கு 2026 செப்டம்பர் 27ல இருந்து அங்கத்த சட்டம் இன்னும் இறுக்கம், கார்பன் கிரெடிட் வாங்கிட்டு அந்த டீசர்ட்டையே "கார்பன் நியூட்ரல்"னு சொல்றதுக்கும் தடை.

போன மாசம் ஒரு தங்கச்சிக்கு டேக் மாத்தி எழுதிக் குடுத்தேன்: "இந்த டீசர்ட்டோட துணி ஆர்கானிக் பருத்தி நூல்ல பின்னுனது. திருப்பூர்ல சாயம் போட்டது. தையல் நூலும் லேபிளும் ஆர்கானிக் இல்ல. நூலோட ஆதாரம் க்யூஆர்ல." லோகோ போடல, அவங்க தையல் யூனிட் சர்டிபை ஆகலைங்கறதால. "இப்படி எழுதுனா விக்குமாக்கா?"ன்னு கேட்டுச்சு. கஸ்டமர் எதிர்த்துக் கேட்டா காட்டறதுக்குப் பேப்பர் இருக்கற வரிய மட்டும் போடு சாமின்னேன். க்யூஆர்ல டிசிய அப்படியே ஏத்தாம, விலை, பார்ட்டி விவரத்த மறைச்சுட்டு, டிசி நம்பர், கிலோ, லாட் நம்பர், அந்த லாட்டுல தெச்ச பீஸ் எண்ணிக்கை நாலையும் போட்டிருக்குது. அந்த எண்ணிக்கைக்கு மேல டேக் பிரிண்ட் பண்றதில்ல, அடுத்த நூல் வந்து அடுத்த டிசி வர்ற வரைக்கும் மத்த பீஸெல்லாம் வெறும் "பருத்தி"ன்னுதான் போகுது.