மாரியப்பனின் நனைந்த காலுறையும் நம் ஊர்ச் செய்திகளும்

மாரியப்பன் தங்கவேலு நம்ம சேலம் மாவட்டத்துக்காரர், ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டி. உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். மூன்று தடவையும் நம் தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னார்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போன பிள்ளையின் காலில் பேருந்து ஏறியது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார், பிள்ளை ஊனத்தை வென்று காட்டினான். பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வந்தது.

நான் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவன். காலிப்பர் போட்டு, ஒரு கைத்தடியோடு நடக்கிறேன். ரியோ தங்கத்துக்கு அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "மாரியப்பனைப் பாருப்பா, மனசு வெச்சா முடியும்" என்றார். நல்ல மனுஷர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். என் மனசுக்கும் அந்தப் படிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

டோக்கியோ இறுதிப்போட்டி நடந்தபோது மழை. 1.80 மீட்டரைத் தாண்டும்வரை தூறலாக இருந்தது, அதன் பிறகு வலுத்தது. அடிபட்ட வலது பாதத்தில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டதால் தாண்டுவது சிரமமாகிவிட்டது, இல்லையென்றால் தங்கம் வாங்கியிருப்பேன் என்று மாரியப்பனே அன்று சொன்னார். தங்கம் வாங்கிய அமெரிக்கர் தாண்டியது 1.88. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான்.

ஒரு விளையாட்டு வீரனைப் பற்றி விளையாட்டுச் செய்தி எழுத இதைவிட நல்ல இடம் எது? ஓடிவரும் தளம் ஈரமானால் ஒரு காலை ஊன்றி எழும்புகிறவனுக்கு என்ன ஆகும், இன்னொரு கால் என்ன வேலை செய்கிறது, நனைந்த துணி அதை எப்படிக் கெடுக்கிறது என்று கேட்டிருக்கலாம். கிரிக்கெட்டில் பனி விழுந்து பந்து வழுக்கினால் அரை மணி நேரம் அலசுகிறோமே. மாரியப்பனுக்கு மட்டும் மறுபடியும் பேருந்து, மறுபடியும் காய்கறிக் கூடை.

அந்தப் பழைய கதையையாவது முழுசாகச் சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. மகனின் சிகிச்சைக்கு அந்த அம்மா மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கியதும், இழப்பீட்டுக்காகப் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்ததும் 2016லேயே செய்தியில் வந்தவை. ஆனால் அவை வந்தது கண்ணீருக்கு உப்புச் சேர்க்க. சாலையில் அடிபட்ட ஐந்து வயதுப் பிள்ளையின் வைத்தியச் செலவு ஏன் காய்கறி விற்கிறவர் தலையில் விழுந்தது, இழப்பீட்டு வழக்கு ஏன் அத்தனை காலம் இழுத்தது என்று கேட்டிருந்தால், அது இன்றைக்கு அடிபடும் பிள்ளைக்கும் உதவியிருக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்கிற பார்வைக்குத்தான் சமூக மாதிரி என்று பெயர். 1976இல் பிரிட்டனில் ஊனமுற்றவர்களே நடத்திய ஓர் அமைப்பு இதைத் தெளிவாக எழுதிவைத்தது. என் கால் சூம்பியிருப்பது ஒன்று. அந்தக் காலோடு நான் வங்கிக்குள் போக முடியாதபடி படி கட்டியிருப்பது வேறொன்று. முதலாவது என் உடம்பு, இரண்டாவது மற்றவர்கள் செய்த ஏற்பாடு. என்னை முடக்குவது இரண்டாவதுதான் என்றார்கள். 1983இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர் அதற்குச் சமூக மாதிரி என்று பெயர் கொடுத்தார். இதற்கும் எல்லை உண்டு. டிசம்பர் குளிரில் ஏற்காடு ஏறினால் என் கால் இழுத்துப் பிடிக்கும், அந்த வலியை எந்தச் சாய்தளமும் போக்காது. ஊனமுற்றோர் இயக்கத்துக்குள் இருந்த பெண்களே பின்னாளில், வலியைப் பேசாமல் விட்டுவிட்டோம் என்று இந்தப் பார்வையை விமர்சித்தார்கள். அது சரியான விமர்சனம். ஆனால் வலியை அனுதாபமாக மாற்றி விற்பதை அவர்கள் கேட்கவில்லை.

சினிமாவில் இந்த விற்பனை இன்னும் மோசம். வாய் பேசாத கதாநாயகி கிளைமாக்ஸில் ஆபத்தைப் பார்த்ததும் கத்திப் பேச்சு வரும். கண் கட்டு அவிழ்ந்ததும் முதலில் தெரிவது தாலி கட்டியவன் முகம். குணமானால்தான் கல்யாணம், குணமாகாவிட்டால் தியாகம். திக்கிப் பேசுகிறவர் எப்போதும் காமெடிக்கு. 2024 ஜூலை 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும், ஓர் இந்திப் படம் பற்றிய வழக்கில் இதைத்தான் பேசினார்கள். படத்தை வெட்டச் சொல்லவில்லை, ஆனால் வழிகாட்டு நெறிகள் கொடுத்தார்கள். ஊனமுள்ளவரை மட்டம்தட்டிச் சிரிப்பது வேறு, ஊனத்தைப் பற்றிய புரிதலை மாற்றும் நகைச்சுவை வேறு என்று பிரித்தார்கள். ஒரு பாதிப்பைக் காட்டினால் மருத்துவ ரீதியாகச் சரியாகக் காட்டு, அற்புத மனிதராகவும் ஆக்காதே, எழுதும்போதே அந்த மக்களைக் கூட வைத்துக்கொள் என்றார்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம் என்பேன். கதை விவாதத்தில் திக்கிப் பேசும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த காமெடி சீன் ஸ்கிரிப்டைத் தாண்டாது.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். வளர்ந்த மகனை அம்மா இடுப்பில் தூக்கி வருவார், அல்லது ஒருவர் தரையில் தவழ்ந்து வருவார். எந்த மாவட்டமானாலும் மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வரும், கீழே 'பரிதாபம்', 'நெகிழ்ச்சி' என்று ஏதாவது ஒன்று. அன்றே மூன்று சக்கர ஸ்கூட்டர் கொடுத்துவிட்டால் இரண்டாவது படமும் வரும். எனக்குத் தெரிந்த ஒரு நிருபர் தம்பியிடம், "இதையே வேற மாதிரி எழுத முடியாதா?" என்று கேட்டேன். "எப்படிண்ணே?" என்றான்.

இப்படித்தான். அம்மா தூக்கி வந்தார் என்றால் எந்த இடத்தில் தூக்க வேண்டிவந்தது என்று பார். மூன்று படி, ஒவ்வொன்றும் அரை அடி என்று வைத்துக்கொள், மொத்தம் ஒன்றரை அடி. சாய்தளத்துக்கு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். அப்படியானால் அங்கே பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. ஆறடியில் சிமென்ட் பூசி வைத்திருந்தால் அது சறுக்குமரம், சக்கர நாற்காலி பின்னால் கவிழும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூன், ஆக கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. இதையும் எழுது, பொறுப்பான அதிகாரியிடம் ஏன் என்று கேட்டு அவர் பதிலையும் போடு. அந்த அம்மா எதற்கு மனு கொடுக்க வந்தார் என்பதையும் தலைப்புக்குப் பக்கத்திலேயே போடு, பாதி செய்திகளில் அது கடைசி வரியில் கிடக்கிறது. படம் எடுக்கும் முன் அந்த மகனிடம் கேள். அம்மாவிடம் இல்லை, மகனிடம்.

தம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். "நீளம் அளக்க டேப் கொண்டுபோகணும் போலண்ணே" என்றான். ஆமாம், கொண்டுபோ. சேலத்தில் செய்தி எழுதும் மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கேமராவோடு பத்தடி டேப் ஒன்றும் பையில் இருக்கட்டும். அளந்ததை எனக்கும் அனுப்புங்கள். தமிழில் சட்டப் பிரிவோடு சேர்த்து எழுதித் தர நான் இருக்கிறேன்.