வலி இல்லாத சேற்றுப்புண்

"அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கால் சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கிறது. வலி இல்லை என்கிறார். கால் வெடிப்புக்குப் போடும் களிம்பையே போடலாமா?"

வேண்டாம். அந்தக் களிம்பு வறண்ட குதிகாலுக்கானது. விரலிடுக்கில் பூசினால் ஈரம் தங்கி இன்னும் ஊறும். வெள்ளையாக ஊறி வெடிப்பது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கழுவியபின் மெல்லிய துணியால் இடுக்கை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு குளோட்ரிமசோல் கிரீமை மெல்லியதாக, தினம் இரண்டு வேளை. வெடிப்பு மூடியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள்; அதனால்தான் திரும்ப வருகிறது. சரியான பிறகும் இரண்டு வாரம் போடுங்கள். பவுடர் ஈரத்தோடு கட்டியாகிவிடும், தவிர்க்கலாம்.

வலி இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சர்க்கரையால் நரம்பு மரத்த காலில் சீழ் பிடித்தாலும் வலிக்காமல் போகலாம். அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வெடிப்புக்குள் சிவந்த சதை தெரிந்தால் அது புண். வீட்டு மருந்தை நிறுத்திவிட்டு, மறுநாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றிலும் சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினாலோ, புண்ணிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, விரல் வீங்கிச் சூடாக இருந்தாலோ, சீழ், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை, இரவானாலும். காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவதும் சில சமயம் உள்ளே தொற்று பரவுவதன் முதல் அடையாளம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மரத்த கால் வெந்தாலும் தெரியாது.