-14-ஐ நம்பி வீடியோ போடுபவர்களுக்கு

"எல்லா வீடியோவையும் -14 லஃப்ஸ் ஒலியளவுக்கு வைத்துத்தான் ஏற்றுகிறேன், ஆனாலும் ஒன்றில் என் குரல் கணீரென்று கேட்கிறது, இன்னொன்றில் அமுங்கிவிடுகிறது" என்று புலம்பாத எடிட்டர் குறைவு. என் கருத்து: அளக்கிற இடமே தப்பு. முழு வீடியோவை அளக்காதீர்கள், குரலை மட்டும் அளங்கள்.

மீட்டர் காட்டும் அந்த ஒற்றை எண் முழு வீடியோவின் சராசரி. மிக அமைதியான இடங்களை அது கணக்கில் சேர்க்காது. ஆனால் இசை எது, பேச்சு எது என்று அதற்குத் தெரியாது.

பத்து நிமிட வீடியோ இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் முழுக்கப் பேச்சுதான்; சராசரி -14 என்றால் குரலும் -14. இரண்டாவதில் ஐந்து நிமிடம் -12-இல் அதிரும் இசையோடு காட்சிகள், மீதி ஐந்து நிமிடம் பேச்சு. இதற்கும் சராசரி -14 வர வேண்டுமென்றால் குரல் ஏறக்குறைய -18-இல்தான் இருந்தாக வேண்டும். எண் ஒன்றுதான், குரலில் 4 டெசிபெல் பள்ளம். அடுத்தடுத்துப் பார்ப்பவர் கை தானாக வால்யூமுக்குப் போகும்.

அதனால் வாய்ஸ் ட்ராக்கை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து அளந்துவிடுங்கள்:

```
ffmpeg -i voice.wav -af ebur128=peak=true -f null -
```

கடைசியில் `I:` என்று வரும் எண்தான் வேண்டியது. நான் எல்லா வீடியோவிலும் குரலை -16-இல் வைக்கிறேன். -22 என்று காட்டினால் 6 டெசிபெல் ஏற்ற வேண்டும். அப்போது உச்சத்தையும் பாருங்கள்: -3-இல் இருந்த உச்சம் +3-க்குப் போய் ஒலி உடையும். முதலில் கம்ப்ரஸர் லேசாக, கடைசியில் -1-இல் லிமிட்டர். (லிமிட்டரையே நம்பி 10 டெசிபெல் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குரலில் மூச்சு இழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும்.)

இசையைப் பிறகு சேர்க்கலாம், ஆனால் இசை மட்டும் வரும் பகுதியும் -16-ஐத் தாண்டக் கூடாது. காரணம் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய -14-ஐத் தாண்டினால் யூடியூப் முழு வீடியோவையும் இறக்கும், உங்கள் குரலையும் சேர்த்து. ஏற்றிய பிறகு வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து `Stats for nerds` திறந்தால் `content loudness` என்று ஒரு எண் இருக்கும். அது பிளஸ்ஸில் இருந்தால் அத்தனை டெசிபெல் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். மைனஸில் இருந்தால் அவர்களின் அளவைவிட உங்கள் ஒலி அவ்வளவு சன்னம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வீடியோ மட்டும் சோகையாகக் கேட்டால் மைக் தூரத்தைப் பாருங்கள். ஒரு சாண் தூரத்தில் பேசியதும் நாலு அடி தள்ளிப் பேசியதும் மீட்டரில் ஒரே -16 காட்டும். தள்ளிப் பேசியதில் அறையின் எதிரொலியும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கும். அதை எந்த ஃபேடரும் சரிசெய்யாது, மறுபடி ரெக்கார்ட் செய்ய வேண்டியதுதான்.