மடியில் கனம் இல்லாதவனுக்கும் பயம் இருக்கிறது சார்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மேடையில் அந்த ஓய்வுபெற்ற அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒழுங்கா வரி கட்டினவன் எத்தனை வருஷம் கழிச்சு கேட்டாலும் கணக்குக் காட்டிட்டுப் போறான். வருமான வரித்துறை பழைய கணக்கைத் திறக்குறதுக்கு எதுக்கு காலக்கெடு?" கைதட்டல் வேறு. நானும் மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே.

ஒழுங்காகக் கட்டியவனுக்குத்தான் சார் காலக்கெடு வேண்டும். ஏய்க்கிறவன் ஆடிட்டரை வைத்துப் பத்து வருஷத்துக் காகிதத்தையும் பக்காவாகத் தயாரித்து வைத்திருப்பான். சம்பளக்காரன் வீட்டில் சிமென்ட் கடை பில் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

என் சித்தப்பா சர்வீசில் இருந்தபோது, 2015-16இல் பழைய வீட்டை 54 லட்சத்துக்கு விற்றார். வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி ஏற்றிக் கழித்தால் லாபம் 31 லட்சம். அதைப் போட்டு வேறு வீடு கட்டினார். 54ஆம் பிரிவில் விலக்கு கேட்டு, ரிட்டர்னில் எல்லாவற்றையும் காட்டினார். மறைத்தது ஒன்றுமில்லை.

2023 மார்ச்சில் வருமான வரித்துறையிடமிருந்து, பழைய கணக்கை ஏன் மறுபடி திறக்கக்கூடாது என்று கேட்கும் 148ஏ நோட்டீஸ். மார்ச் கடைசியில்தான் இவர்களுக்கு எல்லா ஞானமும் வரும், ஏனென்றால் 31ஆம் தேதி கெடு முடிகிறது. அப்போதிருந்த சட்டப்படி சாதாரணமாக 3 வருஷம்தான். அதைத் தாண்ட வேண்டுமானால் தப்பிய வருமானம் 50 லட்சமாவது இருக்க வேண்டும். சித்தப்பாவின் மொத்த லாபமே 31 லட்சம். அப்புறம் எப்படி நோட்டீஸ்? விற்ற தொகை 54 லட்சத்தையும் அப்படியே "தப்பிய வருமானம்" என்று எழுதிவிட்டார்கள். வாங்கிய விலையைக் கழிக்கவே இல்லை. நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: அது லாபமா, விற்பனைத் தொகையா? பதிலில் முதல் ஆட்சேபணையே அதுவாக இருக்கட்டும்.

சித்தப்பாவும் சொன்னார். எடுபடவில்லை. மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது எங்கே, மணல் லோடுக்கு பில் எங்கே என்றார்கள். மேஸ்திரி இறந்து மூன்று வருஷம். கட்டுமானச் செலவில் 17 லட்சத்தை ஏற்கவில்லை. தொழில் செய்கிறவர்களே கணக்குப் புத்தகத்தை மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்ததற்கு அடுத்த நிதியாண்டு, முடிந்து 6 வருஷம் வைத்திருந்தால் போதும் என்று இவர்கள் விதியே சொல்கிறது. சம்பளக்காரர் மணல் பில்லை அதற்குமேல் அடைகாக்க வேண்டுமாம்!

"அப்போ பெரிய முதலைகள் தப்பிச்சுடுமே" என்று ஒருவர் வருவார். வாருங்கள். வெளிநாட்டில் ஒளித்த சொத்துக்கு 2015 கருப்புப் பணச் சட்டம் தனியாக இருக்கிறது. எந்த வருஷம் கண்ணில் படுகிறதோ அந்த வருஷ வருமானமாகவே வரி போடலாம். உள்நாட்டில் சிலர் கெடுவைச் சொல்லித் தப்பிப்பார்கள்தான், மறுக்கவில்லை. அதற்காக என் சித்தப்பாவையா நோண்டுவது?

"மறுபடி பார்த்தால் என்ன குறைந்துவிடும்" என்பவர்களுக்கு உச்ச நீதிமன்றமே 2010இல் கெல்வினேட்டர் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. மறுமதிப்பீடு வேறு, மறுஆய்வு வேறு. அதே காகிதத்தை வைத்துக்கொண்டு அபிப்பிராயத்தை மட்டும் மாற்றித் திறக்க முடியாது. ஆனால் இந்தக் கவசம், அதிகாரி கணக்கைத் துருவிப் பார்க்கும் முழு ஸ்க்ரூட்டினி நடந்தவர்களுக்குத்தான். சித்தப்பா மாதிரி, அப்படித் துருவாமல் அனுப்பும் வெறும் இன்டிமேஷன் வாங்கியவர்களிடம், "நாங்கள் அபிப்பிராயமே சொல்லவில்லையே" என்பார்கள். பார்க்காமல் விட்டது அவர்கள், மாட்டுவது நாம்.

2024 செப்டம்பரிலிருந்து கெடு குறைந்திருக்கிறது: மூன்றே கால் வருஷம், 50 லட்சமும் மேலும் என்றால் ஐந்தே கால். நல்லதுதான். பெரிய தொகைக்கு அதுவரை இருந்த பத்து வருஷம் என்பது அதிகம் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது, மேடையில் இருந்தவருக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சித்தப்பாவுக்கு வந்த வரி சுமார் மூன்றரை லட்சம். அதன்மேல் மாதம் 1 சதவீத வட்டி, 2016 ஏப்ரலிலிருந்து. ஆணை வந்தது 2024 மார்ச்சில். 96 மாதம், 96 சதவீதம். வரியளவுக்கு வட்டி! தாமதித்தது யார்? அவர்கள். வட்டி கட்டுவது யார்? இவர். இதே அவர்கள் நமக்கு ரீஃபண்ட் தர வேண்டியிருந்தால் மாதம் அரை சதவீதம். அதையும் ரிட்டர்ன் போடாமல் விட்டுப் பின்னால் கேட்டால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருஷம் தாண்டிய மனுவை எடுக்கவே கூடாது என்று 2024 அக்டோபர் சுற்றறிக்கை. நமக்குக் கெடு உண்டு, அது ரொம்ப நியாயம். அவர்களுக்குக் கெடு வைத்தால் மட்டும் திருடனுக்குத் துணைபோகிற மாதிரி.

அப்பீல் நடந்துகொண்டிருக்கிறது. சித்தப்பா பென்ஷனில் ஒரு பகுதி வக்கீலுக்குப் போகிறது. கைதட்டியவர்கள் யாராவது அதில் பங்கு போடுவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கணக்கு எண் தருகிறேன்.