மெக்சிகோவின் கூலிக் கணக்கு: ஒரு உண்மை விளக்கம்

பரவும் கூற்று: "ஏழை நாடு வர்த்தகத்தைத் திறந்துவிட்டால், அங்கே படிக்காத தொழிலாளியின் கூலிதான் உயரும், படித்தவருக்கும் அவருக்குமான இடைவெளி குறையும்."

இது தவறு. 1941-இல் பொருளியலாளர்கள் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் வகுத்த தேற்றத்தைப் பாதி மட்டும் படித்ததால் வரும் முடிவு இது. எந்தப் பொருளின் விலை உயர்கிறதோ, அதன் உற்பத்தியில் மிகுதியாக ஈடுபடும் உழைப்புக்கே ஊதியம் உயரும் என்பதுதான் அத்தேற்றம். ஆகவே, எந்த விலை மாறியது என்றே முதலில் பார்க்க வேண்டும்.

மெக்சிகோ 1985-இல் இறக்குமதித் தடைகளைத் தளர்த்தத் தொடங்கி, 1986-இல் சுங்கவரிகளைக் குறைப்பதற்கான பன்னாட்டு வர்த்தக உடன்பாடான காட் ஒப்பந்தத்தில் இணைந்தது. அதுவரை அங்கே அதிகப் பாதுகாப்புப் பெற்றிருந்தவை ஆடை, காலணி போன்ற, திறன் குறைந்த உழைப்பை நம்பிய தொழில்களே என்பதால், சுங்கவரி குறைந்தபோது அவற்றின் விலைதான் கூடுதலாகச் சரிந்தது. சீனாவின் மலிவான சரக்கும் அதே காலத்தில் உலகச் சந்தையில் பெருகியது. மறுபுறம், அமெரிக்க நிறுவனங்கள் மெக்சிகோ எல்லையோரத்தில் இறக்குமதிப் பாகங்களைப் பொருத்தி ஏற்றுமதி செய்யும் மக்கிலாடோரா ஆலைகளுக்கு அனுப்பிய வேலை அமெரிக்காவில் எளிய வேலையாக இருந்தாலும், மெக்சிகோவில் சராசரியைவிட அதிகத் திறன் கேட்டது. விளைவாக, 1990-களின் நடுப்பகுதி வரை திறனாளர்களின் ஊதியம் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறியது.

இதை வர்த்தகத்தின் தலையில் மட்டும் சுமத்துவதும் நியாயமல்ல: 1982 கடன் நெருக்கடிக்குப் பின் குறைந்தபட்சக் கூலியின் வாங்கும் சக்தியும் கடுமையாக வீழ்ந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா நடைமுறைக்கு வந்த 1994-க்குச் சில ஆண்டுகளுக்குப் பின், இடைவெளி மெல்லச் சுருங்கவும் செய்தது.